திருத்த வரலாற்றில் பெயர் இல்லாதவன்

நாச்சம்மைக்குக் கோபம் வந்தால் மூக்குதான் முதலில் சிவக்கும். தேவகோட்டையில் பிறந்தவள். கணக்கில் பட்டம் வாங்கியவள். கணவர் சாத்தப்பன் முந்திரி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததால் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் சைகோனுக்கு வந்தவள். சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாதவள் என்பதால் நகரத்தின் தாவோ தியென் பகுதியில் ஒரு சர்வதேசப் பள்ளியில் துணை ஆசிரியையாக நுழைந்தாள். இன்றைக்கு அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தலைமை ஆசிரியரைக் கண்டு நடுங்குகிறார்களோ இல்லையோ, நாச்சம்மை டீச்சரின் மூக்கைப் பார்த்துத்தான் காலை வணக்கம் சொல்கிறார்கள்.

அவளுடைய வேலை என்னவென்று கேட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. பள்ளியில் எல்லாம் குழு வேலை. நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு தலைப்பை ஆராய்ந்து, பதினெட்டு இருபது ஸ்லைடு போட்டு, மேடை ஏறிப் பேசுவார்கள். கைதட்டல் கிடைக்கும். அப்புறம்தான் தலைவலி. மார்க்கைக் குழுவுக்குப் போட முடியாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். நாலு பேரில் ஒருத்தன் மாடாய் உழைத்திருப்பான், ஒருத்தன் கடைசி நாளில் வந்து பெயரை மட்டும் ஒட்டியிருப்பான். அந்த ஸ்லைடுத் தொகுப்பைப் பிரித்து மேய்ந்து, இன்னார் இன்னது செய்தார் என்று தலைக்கு ஒரு பங்களிப்பு அறிக்கை தயார் செய்து ஆசிரியர் கையில் கொடுப்பதுதான் நாச்சம்மையின் வேலை.

ஆரம்பத்தில் இது வெறும் ஊகமாகத்தான் நடந்துகொண்டிருந்தது. நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு நல்ல மார்க், வாய் செத்த பிள்ளைக்குக் கெட்ட மார்க். நாச்சம்மையால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போன டெர்மில் அவளே ஒரு படிவம் உண்டாக்கினாள். நான் செய்தது என்று ஒரு கட்டம். அதற்குச் சான்று என்று ஒரு கட்டம். நூறு விழுக்காட்டில் என் பங்கு எவ்வளவு என்று ஒரு கட்டம். கடைசியில் மற்ற மூன்று பேரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட ஒரு கட்டம். இணையத்தில் சேர்ந்து எழுதுகிற ஸ்லைடுகளில் யார் எப்போது எந்த வரியை எழுதினார், அழித்தார் என்று தானாகவே பதிவாகும் திருத்த வரலாறு ஒன்று உண்டில்லையா, அதைத் திறந்து சான்றைச் சரிபார்ப்பாள். படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டாள்: வரலாற்றில் இல்லாதது வேலை இல்லை.

பள்ளிக்கூடமே கொண்டாடியது. ஆசிரியர் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். மற்ற வகுப்புகளும் அதே படிவத்தை எடுத்துக்கொண்டன. துணை ஆசிரியைக்கு இதெல்லாம் வாராது வந்த மாமணி. அன்று மெட்ரோவில் வீட்டுக்குப் போகும்போது உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டேதான் போனாள்.

இந்த டெர்மில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அபுல் ஹசனின் படிவம் அவள் மேஜைக்கு வந்தது.

அபுல் ஹசன் பத்தாம் வகுப்பு. வாப்பா காரைக்கால்காரர், டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். உம்மா வியட்நாம்காரர். அவன் சேர்ந்த குழுவில் ஐரேன் என்ற புதுச்சேரிக் குடும்பத்துப் பெண்ணும், கொவா, லின் என்று இரண்டு வியட்நாம் பிள்ளைகளும் இருந்தார்கள். சைகோனுக்கு வெளியே குச்சி என்ற ஊரில் நெல்லை விட்டுவிட்டுக் கீரைக்கு மாறிய விவசாயிகளைப் பற்றி அவர்களுடைய திட்டம். பிரமாதமாக வந்திருந்தது. புவியியல் ஆசிரியர் ழாக் மேடையிலேயே எழுந்து கைகொடுத்தார்.

ஐரேனின் படிவம் இரண்டு பக்கம் இருந்தது. ஹசனின் படிவத்தில் இரண்டே வரி. 'எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம். நானும் உதவினேன்.' சான்று என்ற கட்டம் காலி.

நாச்சம்மை திருத்த வரலாற்றைத் திறந்தாள். பதினெட்டு ஸ்லைடில் பதினொன்று ஐரேன் கணக்கிலிருந்து. கொவா நாலு, லின் மூன்று. அபுல் ஹசன் பெயரில் ஒரே ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம். விழுக்காடு போட்டிருந்தார்கள்: ஐரேன் அறுபது, கொவா இருபது, லின் பதினைந்து, ஹசன் ஐந்து. நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹசனும் போட்டிருந்தான்.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஒரு பய," என்று நாச்சம்மை வாய்விட்டே சொன்னாள். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பிடிப்பதற்காகத்தானே அந்தப் படிவத்தையே உண்டாக்கினாள்! மேடையில் நன்றாகப் பேசி, அடுத்தவள் உழைப்பில் நோகாமல் நுங்கு தின்னப் பார்க்கிறான் என்று அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

ஆனால் இது விளையாட்டு விஷயமும் இல்லை. ஏழுக்கு மார்க் போடுகிற பள்ளி அது. ஐந்து விழுக்காட்டுக்கு ழாக் இரண்டுதான் போடுவார். போன டெர்மிலும் ஹசனுக்கு அந்தப் பாடத்தில் இரண்டு. ஒரே பாடத்தில் இரண்டு தடவை இரண்டு வாங்கினால், பதினொன்றாம் வகுப்பில் பல்கலைக்கழகம் போகிற பிரிவில் இடம் கிடையாது. அறிக்கையை அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

படிவத்தோடு சேர்த்து ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகப் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்பதும் விதி. ஸ்லைடு கையில் இருக்காது. அதிலுள்ள விஷயம் ஒன்றைக் கேட்பாள், பதில் வருகிறதா என்று பார்ப்பாள். பெரும்பாலும் சடங்குக்குத்தான்.

முதலில் ஐரேன் வந்தாள். நல்ல பெண். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டாள்.

"ஏழாவது ஸ்லைடுல இருபத்திரண்டு விவசாயிகள்ல பதினாலு பேர் தண்ணியாலதான் மாறினாங்கன்னு போட்டிருக்கியே. தண்ணிக்கு என்ன ஆச்சு?"

ஐரேன் யோசித்தாள். "தண்ணி கம்மியாயிடுச்சு, டீச்சர்."

"வாய்க்கால் தண்ணியா, கிணத்துத் தண்ணியா?"

ஐரேன் கையைப் பிசைந்தாள். "கிணறுன்னு நினைக்கிறேன். அது ஹசனுக்குத்தான் தெரியும்."

நாச்சம்மை பேனாவைக் கீழே வைத்தாள். அறுபது விழுக்காட்டுக்காரிக்குத் தெரியாதது ஐந்து விழுக்காட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஐரேனை அனுப்பிவிட்டு ஹசனைக் கூப்பிட்டாள். நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அதே கேள்வியைக் கேட்டாள்.

"கிணத்துத் தண்ணிதான் டீச்சர். நெல்லுக்குப் போதலை, கீரைக்குப் போதும். பதினாலு பேரும் அதைத்தான் சொன்னாங்க. மத்தவங்கள்ல ஆறு பேரு பிள்ளைங்க எல்லாம் ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க, நடவுக்கு ஆளில்லைன்னு சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினான். "ஆனா இருபத்திரண்டு தப்பு டீச்சர். இருபத்தொண்ணு."

"என்ன தப்பு?"

"நாலாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஒரே வீடு. முதல் சனிக்கிழமை அந்தம்மாகிட்ட கேட்டேன். அடுத்த சனிக்கிழமை அவங்க வீட்டுக்காரர் வயல்ல இருந்தார், அவர்கிட்டயும் கேட்டுட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. ரெண்டு பேரும் தண்ணின்னுதான் சொன்னாங்க, அதனால பதினாலும் பதிமூணு ஆகணும். அனுப்பினேன், ஸ்லைடுல மாத்தாம விட்டுட்டாங்க."

"யார்கிட்ட கேட்டே? யார் போனது குச்சிக்கு?"

"நான்தான் டீச்சர். மூணு சனிக்கிழமை. பஸ்ல."

"கூட யாரு?"

"யாருமில்லை."

மூன்று சனிக்கிழமை பஸ் பிடித்து, வெயிலில் வயல் வயலாக இறங்கி, இருபத்தொரு வீட்டில் கேள்வி கேட்டவன் ஐந்து விழுக்காடா! அந்தத் திட்டத்துக்கு உயிரே அந்தக் கேள்விகள்தானே, மற்றதெல்லாம் அதற்குப் போட்ட சட்டை.

"அப்ப ஏன்டா ஸ்லைடுல உன் பேரே இல்லை?"

அவன் சொன்னான். பள்ளிக்கூடம் கொடுத்த லேப்டாப்பில் பாதி எழுத்து வேலை செய்யவில்லை. கேட்டதையெல்லாம் நோட்டில்தான் எழுதினான். நோட்டைப் படம் எடுத்து, வாட்ஸ்அப் மாதிரி வியட்நாமில் எல்லோரும் வைத்திருக்கிற ஸாலோவில் குழுவின் குரூப்பில் போட்டு, புரியாத இடத்துக்குக் குரல் செய்தியும் அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் காபிக் கடையில் உட்கார்ந்து ஒரே லேப்டாப்பைச் சுற்றி வேலை செய்தார்கள். அவன் சொல்லச் சொல்ல ஐரேன் டைப் அடித்தாள், ஏனென்றால் அவளுக்குத்தான் விரல் வேகம். லேப்டாப் அவளுடையது, கணக்கும் அவளுடையது. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே செய்கிறார்கள், தாவோ தியென் காபிக் கடைகளில் எந்த மேஜையைப் பார்த்தாலும் நாலு தலை, ஒரு லேப்டாப். திருத்த வரலாறு விரலைத்தான் எழுதிவைத்தது. தலையை எழுதவில்லை.

"இதையெல்லாம் படிவத்துல எழுதுறதுக்கு உனக்கு என்ன கேடு?"

ஹசன் தலையைக் குனிந்துகொண்டான். "செஞ்சதைச் சொல்லிக் காட்டக்கூடாதுன்னு வாப்பா சொல்வாங்க. அப்புறம் சான்று கேட்டிருந்துச்சு. வரலாற்றுல எதுவும் இல்லை. பொய்னு நினைச்சிருப்பீங்க."

நினைத்தாளே! காலையில் நெய்யும் கையும் என்று வாய் நிறையச் சொன்னாளே. நாச்சம்மைக்கு அந்த இடத்தில் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் கோபக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, வெட்கம் வந்தால் அதை உடனே அடுத்தவர் மேல் திருப்பிவிடலாம். அவள் விறுவிறுவென்று போய் ஐரேனை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டாள்.

"அடுத்தவன் உழைப்பை உன் பேர்ல எழுதிக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு? குச்சிப் பக்கம் தலை வெச்சுப் படுத்திருப்பியா நீ?"

ஐரேனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் நேராகப் பார்த்துச் சொன்னாள். "நான் முதல்ல ஹசனுக்கு நாப்பது போட்டேன், டீச்சர். கூட்டினா நூத்துக்கு மேல போச்சு. அவனுக்கு ஏத்தினா கொவாவுக்கும் லின்னுக்கும் குறையுது, அவங்களுக்கு மார்க் போயிடும்னு பயந்தாங்க. வரலாறு பார்த்துப் போடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. ஹசனே சரின்னு சொல்லிட்டான்."

அந்த நூறு நாச்சம்மை போட்ட நூறு. ஒருத்தன் நன்றாகச் செய்தால் இன்னொருத்தன் ஏன் குறைய வேண்டும்? கேள்வி கேட்டவனும் முழுசாகச் செய்திருக்கலாம், படம் வரைந்தவளும் முழுசாகச் செய்திருக்கலாம். ஒரே தோசையைப் பிய்த்துத் தின்னச் சொன்ன மாதிரி நாலு நல்ல பிள்ளைகளை ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிட்டு, அதற்கு நியாயம் என்று பெயரும் வைத்தவள் யார்? ஐரேனின் தோளைத் தட்டி, "நீ போம்மா," என்றாள்.

மணி ஒன்றரை. ழாக்கின் அறைக்குப் போனாள். ழாக்கினுடையது தாத்தா காலத்தில் சைகோனில் வேலை பார்த்த புதுச்சேரிக் குடும்பம், பிறகு பிரான்சுக்குப் போய்விட்டது. இவர் மட்டும் வாத்தியாராகத் திரும்பி வந்திருக்கிறார். அம்மாவிடம் கற்ற தமிழ், அழகாகவே பேசுவார்.

நடந்ததைச் சொன்னாள். ழாக் பொறுமையாகக் கேட்டார்.

"பாவம்தான் மதாம். ஆனா திருத்த வரலாறு யாருக்கும் பரிஞ்சு பேசாது. நாளைக்கு ஒவ்வொருத்தனும் வந்து நான் வாயால சொன்னேன், அவ அடிச்சான்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? விதி உங்களுதுதானே."

"என் விதியை உடைப்புல போடுங்க," என்றாள் நாச்சம்மை. "மூணு வாரம் வெயில்ல அலைஞ்சவனுக்கு ரெண்டு, காபிக் கடையில உட்கார்ந்து அடிச்சவளுக்கு ஆறு. இதை நீங்க உங்க கையால போடுவீங்களா? நீங்கதானே மேடையில கைகொடுத்தீங்க? எதுக்குக் கொடுத்தீங்க? ஸ்லைடோட கலருக்கா?"

"சான்று வேணும், மதாம்."

"தரேன். நீங்க கேட்டது சான்று, எனக்குத் தேவை ரெண்டு மணி நேரம்."

ஹசனின் நோட்டை வாங்கினாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி, வீட்டு எண், வியட்நாமிய மொழியில் பதில்கள், ஓரத்தில் வயலின் கோட்டுப் படம். நாலு பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து ஸாலோ குரூப்பைத் திறக்கச் சொன்னாள். முப்பத்தொன்பது படங்கள், பதினேழு குரல் செய்திகள், ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும். பதினாறாவது செய்தியில் ஹசனின் குரல், நாலும் ஒன்பதும் ஒரே வீடு, இருபத்தொன்று என்று மாற்றுங்கள் என்று. கொவா தலையில் கை வைத்துக்கொண்டான்.

நாச்சம்மை விழுக்காட்டுக் கட்டத்தைக் கோடு போட்டு அடித்தாள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நாலு கேள்வி வைத்தாள்: தகவலைக் கொண்டுவந்தது யார், அதை வைத்து முடிவு சொன்னது யார், அடித்து வடிவமைத்தது யார், சரிபார்த்தது யார். ஒரு ஸ்லைடில் நாலு பெயர் வந்தாலும் வரட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்காமல் எழுதினார்கள். பிறகு ஒப்பிட்டார்கள். எங்கேயும் சண்டை வரவில்லை. யாருடைய மார்க்கையும் யாரும் பிடுங்க வேண்டியதில்லை என்று ஆனதும் பிள்ளைகள் தாராளமாகிவிட்டார்கள். ஐரேன் தன் படிவத்தை அவளே திருத்தினாள்: 'வரைபடங்களும் வடிவமும் என்னுடையவை. ஐந்து முதல் பதினொன்று வரை உள்ள ஸ்லைடுகளில் ஹசன் சேகரித்ததை, ஹசன் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன்.' ஹசனின் படிவத்தை மட்டும் நாச்சம்மை பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதவைத்தாள். 'உதவினேன்' என்று அவன் ஆரம்பித்தபோதெல்லாம் அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்தாள்.

மூன்று ஐம்பதுக்கு நாலு அறிக்கையும் ழாக் மேஜையில் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். குரல் செய்தி ஒன்றை இரண்டு தடவை கேட்டார். "தன் தகவல்ல தானே தப்புக் கண்டுபிடிச்சவன் அதைச் செய்யாதவனா இருக்க முடியாது," என்று முனகிவிட்டு எழுதினார். ஹசனுக்கு ஆறு. ஐரேனுக்கு வரைபடத்துக்காக ஆறு, அது குறையவில்லை. கொவாவும் லின்னும் ஐந்து.

நாச்சம்மை வெளியே வந்தாள். ஹசன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். மார்க்கைச் சொன்னாள். அவன் சிரித்தான். பல் தெரிய அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"போன தடவை ரெண்டு வாங்கினது மாதிரி இனிமே சோம்பேறித்தனம் பண்ணாதே," என்றாள், டீச்சர் புத்தி போகுமா.

"அதுவும் இப்படித்தான் டீச்சர்," என்றான் அவன், நேரம் என்ன என்று சொல்லுகிற மாதிரி. "வேற குழு. சந்தையில விலை கேட்டு எழுதினது நான்தான். அந்த ஸாலோ குரூப்பை அழிச்சிட்டாங்க. பரவாயில்லை."

பரவாயில்லையாம்! மறுபடி ழாக்கிடம் போனாள். போன டெர்ம் மார்க் பூட்டியாகிவிட்டது, யாராலும் திறக்க முடியாது என்றார் அவர். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அந்த டெர்மில் பன்னிரண்டு குழு, நாற்பத்தேழு பிள்ளைகள். எத்தனை பேர் வாயால் சொல்லி, எத்தனை பேர் நோட்டில் எழுதி, எத்தனை பேர் 'எல்லோரும் சேர்ந்து செய்தோம்' என்று கையெழுத்துப் போட்டார்களோ! அவர்களுக்கெல்லாம் சான்று அழிந்துபோய்விட்டது. அவளுக்குக் கைதட்டல் மட்டும் மிச்சம். கோபத்தைத் திருப்பிவிட அந்த வராந்தாவில் வேறு ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்னால், அவள் தன் படிவத்திலேயே ஒன்றை எடுத்து நிரப்பினாள். தலைமை ஆசிரியருக்குப் போகப்போகிற படிவம். முந்தின நாள் சாத்தப்பனிடம் சொன்னபோது, "வேலைக்கு உலை வெச்சுக்காதே, நாச்சி," என்றார். "வெச்சா வெச்சுட்டுப் போகுது," என்று சொல்லிவிட்டாள்.

பெயர்: நாச்சம்மை சாத்தப்பன். நான் செய்தது: தட்டச்சு செய்தவரை மட்டும் உழைத்தவராகக் கணக்கிடும் விதியை உண்டாக்கினேன். பிள்ளைகள் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் செய்தேன். சான்று: போன டெர்மில் நாற்பத்தேழு பிள்ளைகளின் மார்க். கேட்பது: அவர்கள் ஒவ்வொருவரிடமும் நான் மறுபடி உட்கார்ந்து பேச அனுமதி, தவறாகப் போன மார்க்கைத் திறக்க அனுமதி.

சக உறுப்பினர் ஒப்புதல் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் ழாக் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். இந்த மார்க்கையெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பேனாவை எடுத்தார், வைத்தார்.

"இதுல கையெழுத்துப் போடுறேன்," என்றார். "அதுக்கு முன்னாடி, மதாம், எனக்கும் ஒரு படிவம் கொடுங்க."